எபிசைக்ளிக் கணக்குக்கு எந்த வழி: அட்டவணையா, ஃபார்முலாவா, வேகக்கோடா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்தில் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் செமஸ்டர் நெருங்கும்போது ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "சார், எபிசைக்ளிக் கியர் ட்ரெய்னுக்கு டேபிள் போடவா, ஃபார்முலாவிலேயே முடிச்சிடவா?" வகுப்பில் ஆசிரியர் ஒரு வழி சொல்லியிருப்பார், டியூஷனில் இன்னொரு வழி, சீனியர் அண்ணன் மூன்றாவதாக ஒன்றைக் காட்டியிருப்பான். மூன்றையும் பாதிப் பாதியாகத் தெரிந்துகொண்டு தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ஒரே கணக்கை மூன்று வழியிலும் போட்டு, எது எந்த இடத்தில் கைகொடுக்கும், எங்கே காலை வாரிவிடும் என்று பார்க்கலாம். கேம் ஃபாலோயர் கேள்விக்கும் இதே மாதிரி ஒரு தேர்வு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, குறி. எபிசைக்ளிக் கணக்கில் பெருக்கல், வகுத்தல் தப்பாவது குறைவு. பிளஸ், மைனஸ் மாறிப்போவதுதான் அதிகம். எந்த வழி குறியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காட்டுகிறதோ அதற்கு முதல் மதிப்பு.

இரண்டாவது, படிநிலை மதிப்பெண். விடை தப்பாகப் போனாலும் எதுவரை சரி என்று திருத்துபவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, கேட்ட சக்கரம் கிடைக்கிறதா என்பது. சில கேள்விகள் ஆர்ம் வேகத்தோடு நிற்காது. பிளானட் எவ்வளவு சுற்றுகிறது, எந்தத் திசையில் என்றும் கேட்கும்.

நான்காவது, போட்ட விடை சரியா என்று அந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்க முடியுமா என்பது. நேரத்தை நான் தனியாக எடை போடவில்லை. பழகிய கைக்கு மூன்று வழிக்கும் பெரிய நேர வித்தியாசம் இல்லை.

## எடுத்துக்கொள்ளும் கணக்கு

ஒரு சன் கியருக்கு 24 பற்கள். அதைச் சுற்றி ஆர்மில் பொருத்திய பிளானட்டுகளுக்குத் தலா 18 பற்கள். வெளியே உட்புறப் பற்கள் கொண்ட ரிங் கியர். சன் கியர் கிளாக்வைஸாக 210 ஆர்.பி.எம். ரிங் அசையாமல் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆர்ம் வேகம் என்ன, பிளானட் வேகம் என்ன?

ரிங்கின் பற்களைக் கேள்வி சொல்லவில்லை. எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே மாடியூல் என்பதால் விட்டம் பற்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கும். சன்னுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளானட் உட்கார்ந்தால்தான் ரிங்கின் விட்டம் நிறையும். ஆகவே 24 + 2 × 18 = 60. இந்த ஒரு வரியை எழுதாமல் நேராக 60 என்று போடாதீர்கள். அதற்கென்று மதிப்பெண் ஒதுக்கியிருப்பார்கள்.

கிளாக்வைஸைப் பிளஸ் என்று வைத்துக்கொள்வோம். இதையும் விடைத்தாளில் எழுதிவிட வேண்டும்.

## முதல் வழி: அட்டவணை

இந்த முறையின் உயிர் ஒரே ஒரு எண்ணத்தில் இருக்கிறது. ஆர்ம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது யார் எவ்வளவு சுற்றுகிறார்கள் என்று மனதில் பிடிப்பது கடினம். அதனால் ஆர்மை முதலில் நிறுத்திவிடுகிறோம். அப்போது இது சாதாரண கியர் ட்ரெய்ன். பிறகு மொத்தக் கூட்டத்தையும் ஒரே கட்டியாக y சுற்று சுற்றிவிடுகிறோம். இரண்டையும் கூட்டினால் உண்மையான ஓட்டம் வந்துவிடும்.

| நிலை | ஆர்ம் | சன் (24) | பிளானட் (18) | ரிங் (60) |
|---|---|---|---|---|
| ஆர்ம் நிற்கிறது, சன் +1 சுற்று | 0 | +1 | −24/18 | −24/60 |
| சன் +x சுற்று | 0 | +x | −1.333x | −0.4x |
| எல்லாவற்றுக்கும் +y | +y | +y | +y | +y |
| மொத்தம் | y | y + x | y − 1.333x | y − 0.4x |

ரிங் நிற்கிறது, ஆகவே y − 0.4x = 0. சன் 210, ஆகவே y + x = 210. கழித்தால் 1.4x = 210, x = 150, y = 60. ஆர்ம் கிளாக்வைஸாக 60 ஆர்.பி.எம். பிளானட் 60 − 200 = −140. அதாவது ஆன்டி-கிளாக்வைஸாக 140 ஆர்.பி.எம்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பகுதியாக, 'ரிங்கை ஆன்டி-கிளாக்வைஸாக 70 ஆர்.பி.எம்.மில் சுற்றினால்?' என்று வந்தால் அட்டவணையைத் தொடவே வேண்டாம். கடைசி வரியில் y − 0.4x = −70 என்று மாற்றினால் போதும். x = 200, y = 10. ஆர்ம் கிட்டத்தட்ட நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது. இது அட்டவணையின் பெரிய லாபம்: ஒரு தடவை கட்டிவிட்டால் எந்தச் சக்கரத்தை நிறுத்தினாலும், எதை ஓட்டினாலும் அதே அட்டவணை.

மறைமுகச் செலவு எங்கே? முதல் வரியில். நான் பார்த்ததிலேயே அதிகமான பிழை, ரிங் நிற்கிறது என்று கேள்வியில் படித்ததும் முதல் வரியில் ரிங்குக்குக் கீழே பூஜ்யம் போடுவது. முதல் வரியில் நிறுத்தியிருப்பது ஆர்மை மட்டும்தான். ரிங் அங்கே தாராளமாகச் சுற்றும். அது நிற்கிறது என்ற செய்தி கடைசி வரிக்கு மட்டுமே சொந்தம். பூஜ்யம் போட்டால் y = 0 என்று வந்து ஆர்மே நின்றுவிடும். அப்படி ஒரு விடை வந்தால் முதல் வரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த பிழை, காம்பவுண்ட் பிளானட்டில். ஒரே ஷாஃப்டில் இரண்டு சக்கரம் இருந்தால் இரண்டுக்கும் ஒரே சுற்று. அங்கே பற்களால் பெருக்கவே கூடாது, குறியும் மாறாது. முந்தைய கட்டத்தில் இருப்பதை அப்படியே எடுத்து எழுத வேண்டும். பல் பல்லோடு கடிக்கும் இடத்தில் மட்டும்தான் விகிதம் வரும். வெளிப் பல்லும் வெளிப் பல்லும் கடித்தால் குறி மாறும். உட்பல் சக்கரத்தோடு கடித்தால் குறி மாறாது. மேலே பிளானட்டும் ரிங்கும் இரண்டுமே மைனஸில் இருப்பது அதனால்தான்.

## இரண்டாம் வழி: ஃபார்முலா

ராபர்ட் வில்லிஸ் பெயரில் வழங்கும் சமன்பாடு இது. ஆர்மின் மேல் உட்கார்ந்து பார்த்தால் ரிங்கும் சன்னும் சாதாரண கியர் ட்ரெய்ன் மாதிரியே தெரியும் என்பதைத்தான் இது சொல்கிறது:

```
(N_R − N_A) / (N_S − N_A) = − T_S / T_R
```

N என்பது வேகம், T என்பது பற்கள். R ரிங், S சன், A ஆர்ம். நம் கணக்கில் (0 − y)/(210 − y) = −0.4. அதிலிருந்து 1.4y = 84, y = 60. மூன்று வரியில் முடிந்தது.

சுருக்கமாக இருப்பதே இதன் செலவும். வலப்பக்கம் இருக்கிற அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று விடைத்தாளில் எங்கும் தெரியாது. சன்னிலிருந்து பிளானட், பிளானட்டிலிருந்து ரிங் என்று இரண்டு கடிப்பில் ஒன்றில்தான் குறி மாறியது என்பது உங்கள் மனதில் மட்டும் இருக்கிறது. காம்பவுண்ட் பிளானட்டும் ஐட்லரும் வந்தால் அந்த மனக்கணக்கு சுலபமாகத் தவறும். அதோடு பிளானட் வேகம் வேண்டுமென்றால் இன்னொரு சமன்பாடு தனியாக எழுத வேண்டும்.

ஆனால் இரண்டு செட் எபிசைக்ளிக் ஒன்றோடொன்று கோத்து வரும் கணக்கில் ஃபார்முலாதான் நல்லது. மேலே சொன்ன செட் மாதிரியே இரண்டு இருக்கட்டும். இரண்டு சன்னும் ஒரே ஷாஃப்டில் 210 ஆர்.பி.எம். முதல் செட்டின் ரிங் நிற்கிறது. முதல் செட்டின் ஆர்ம் இரண்டாம் செட்டின் ரிங்கோடு இணைந்திருக்கிறது. இரண்டாம் செட்டின் ஆர்ம்தான் அவுட்புட். அட்டவணை போட்டால் இரண்டு அட்டவணை, நான்கு தெரியாத எண்கள். ஃபார்முலாவில், முதல் ஆர்ம் 60 என்று தெரிந்ததும் இரண்டாம் ரிங்கும் 60. பிறகு (60 − y)/(210 − y) = −0.4, 1.4y = 144, y = 102.86 ஆர்.பி.எம். எது எதோடு இணைந்திருக்கிறது என்பதைப் பெயரிலேயே வைத்து எழுத முடிவதால் இங்கே குழப்பம் குறைவு.

## மூன்றாம் வழி: வேகக்கோடு

இதை முழு விடையாக எழுதச் சொல்ல மாட்டேன். ஆனால் தெரியாமல் தேர்வுக்குப் போகவும் சொல்ல மாட்டேன். ஒரே மாடியூல் என்பதால் பற்களின் எண்ணிக்கையையே ஆரமாக வைத்துக்கொள்ளலாம். சன்னின் விளிம்பு வேகம் 24 × 210 = 5040. பிளானட் ஒரு பக்கம் இந்த வேகத்தில் ஓடும் சன்னைத் தொடுகிறது. எதிர்ப்பக்கம் நிற்கும் ரிங்கைத் தொடுகிறது, அங்கே வேகம் 0. நடுவில் இருக்கும் பிளானட்டின் மையத்துக்கு இரண்டின் சராசரி, 2520. அந்த மையம் இருக்கும் ஆரம் 24 + 18 = 42. ஆகவே ஆர்ம் 2520 / 42 = 60.

பிளானட்டின் சுழற்சியும் வந்துவிடும். ரிங்கும் சன்னும் தொடும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் 36, வேக வித்தியாசம் 0 − 5040. வகுத்தால் −140. அட்டவணை தந்த அதே எண்.

விடைத்தாளின் ஓரத்தில் இரண்டே வரியில் போட்டு அட்டவணை விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முக்கியக் காரணம், இது முழுக்க வேறு பாதையில் வருகிறது. அட்டவணையில் செய்த பிழை இங்கே திரும்ப வராது. எல்லை என்னவென்றால், காம்பவுண்ட் பிளானட்டில் இரண்டு கடிப்புக்கும் மாடியூல் வேறாக இருந்தால் பற்களை நேராக ஆரமாக எடுக்க முடியாது. பெவல் கியருக்கும் இந்தச் சுருக்கு வழி அப்படியே பொருந்தாது.

## பக்கத்தில் பக்கமாக

| எதைப் பார்க்கிறோம் | அட்டவணை | ஃபார்முலா | வேகக்கோடு |
|---|---|---|---|
| குறி | ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும் | ஒரே மைனஸுக்குள் ஒளிந்திருக்கும் | திசை தானாக வரும் |
| படிநிலை மதிப்பெண் | நன்றாகக் கிடைக்கும் | குறைவு | முழு விடைக்கு உகந்ததல்ல |
| பிளானட் வேகம் | அதே அட்டவணையில் | தனிச் சமன்பாடு | ஒரே வகுத்தல் |
| இரண்டு செட் கணக்கு | நீளம் | சிறந்தது | சரிபார்க்க மட்டும் |
| எங்கே உதவாது | வேறு வேறு அச்சில் உள்ள பிளானட் கட்டம் | குறி தெளிவில்லாத நீண்ட ட்ரெய்ன் | மாடியூல் மாறும் இடம் |

என் தீர்ப்பு: ஒரே செட் என்றால் அட்டவணை, ஓரத்தில் வேகக்கோடு. இரண்டு செட் கோத்து வந்தால் ஃபார்முலா. டார்க் கேட்டால் எந்த வழியில் வேகம் கண்டுபிடித்தீர்கள் என்பது முக்கியமே இல்லை. உராய்வு இழப்பு இல்லை என்று கொண்டு, சன்னுக்கு 30 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் 30 × 210 = டார்க் × 60, ஆர்மில் 105. ரிங்கைப் பிடித்து நிறுத்தத் தேவை 105 − 30 = 75. இந்த 75-ஐ 30 × 60/24 என்றும் சரிபார்க்கலாம். நிறுத்தும் டார்க்காக 105-ஐயே எழுதிவிட்டு வருபவர்கள் நிறையப் பேர்.

## நம் வயலில் ஓடும் இரண்டு எபிசைக்ளிக்

டிராக்டரின் டிஃபரன்ஷியல் ஒரு பெவல் எபிசைக்ளிக்தான். கிரவுன் சக்கரத்தோடு சுற்றும் கூடு ஆர்ம். இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒரே பற்கள். அட்டவணையின் கடைசி வரியில் ஒரு பக்கம் y + x, மறுபக்கம் y − x. கூடு 60 ஆர்.பி.எம். சுற்றும்போது ஒரு பின்சக்கரம் கெட்டித் தரையில் நின்றுவிட்டால் y + x = 0, x = −60, சேற்றில் இருக்கும் மற்றச் சக்கரம் 120 ஆர்.பி.எம்.மில் வீணாகச் சுழலும். டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டால் x-ஐப் பூஜ்யம் ஆக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். இங்கே பிளானட் கட்டத்தில் மட்டும் y-ஐக் கூட்டக் கூடாது. அதன் அச்சு வேறு திசையில் இருப்பதால் வெறும் கூட்டல் அங்கே அர்த்தமில்லாதது. அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு விட்டுவிடுவதே சரி.

இன்னொன்று, சுழல்வகை நாற்று நடவு இயந்திரம். குறுவைக்கும் சம்பாவுக்கும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வகையில் நடவுக் கை பொருத்திய பிளானட்டுக்கும் அசையாத நடுச் சக்கரத்துக்கும் இடையே ஒரு ஐட்லர், எல்லாவற்றுக்கும் ஒரே பற்கள் என்ற அமைப்பு வழக்கமானது. அட்டவணை போடுங்கள்: ஆர்ம் நிற்கும்போது நடுச் சக்கரம் +x, ஐட்லர் −x, பிளானட் +x. மொத்தத்தில் நடுச் சக்கரம் y + x = 0 என்றால் பிளானட்டும் y + x = 0. ஆர்ம் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பிளானட் தன் திசையை மாற்றிக்கொள்வதே இல்லை. அதனால்தான் நாற்றைப் பிடிக்கும் விரல் தலைகீழாகப் புரளாமல் எப்போதும் மண்ணைப் பார்த்தே இறங்குகிறது. சக்கரங்களை மையம் விலக்கிப் பொருத்துவது அந்த விரலுக்கு ஒவ்வொரு சுற்றிலும் சின்ன ஆட்டம் கொடுத்து, தட்டிலிருந்து நாற்றைக் கிள்ளி எடுத்துச் சேற்றில் விட்டு நழுவ வைப்பதற்காக. இந்த அமைப்பைக் கேள்வித்தாளில் தந்தால் 'விடை பூஜ்யம் வருகிறதே, தப்பாக இருக்குமோ' என்று பயந்து அடித்துவிடாதீர்கள்.

## கேம் கேள்வி: வரைந்து அளப்பதா, அட்டவணையில் கணக்கிடுவதா

கேம் கணக்கிலும் அடிப்படை தந்திரம் அதேதான். ஓடும் ஒன்றை நிறுத்திவிட்டுப் பார்ப்பது. அங்கே கேமை நிறுத்தி, ஃபாலோயரை எதிர்த்திசையில் சுற்றிவருகிறோம். கேம் கிளாக்வைஸ் என்றால் கோணங்களை ஆன்டி-கிளாக்வைஸாகக் குறிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ப்ரொஃபைலை எப்படியும் வரைந்தே ஆக வேண்டும். தேர்வு இருப்பது ஏற்றத்தைக் கண்டுபிடிப்பதில் மட்டும். 30 மில்லிமீட்டர் லிஃப்ட், 120° சுழற்சியில் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 20° இடைவெளியில்:

| கேம் கோணம் | 20° | 40° | 60° | 80° | 100° | 120° |
|---|---|---|---|---|---|---|
| சிம்பிள் ஹார்மோனிக் | 2.0 | 7.5 | 15 | 22.5 | 28.0 | 30 |
| சைக்ளாய்டல் | 0.9 | 5.9 | 15 | 24.1 | 29.1 | 30 |

சிம்பிள் ஹார்மோனிக்குக்கு அரைவட்டம் போட்டு இறக்குவது சுலபம், பிழையும் குறைவு. அதை வரைந்தே செய்யுங்கள். சைக்ளாய்டலுக்கு லிஃப்டை 2π-ஆல் வகுத்த ஆரத்தில், அதாவது 4.77 மில்லிமீட்டரில், வட்டம் போட வேண்டும். காம்பஸ் அரை மில்லிமீட்டர் விலகினாலும் 20°-யில் வரவேண்டிய 0.9 கெட்டுவிடும். அங்கே கால்குலேட்டரில் அட்டவணையைப் போட்டு, அளவை நேராகக் குறிப்பதே மேல்.

ஃபாலோயர் மையக் கோட்டில் இருந்தால் இன்னொரு வரி சேர்த்து, அடிவட்ட ஆரம், ரோலர் ஆரம், ஏற்றம் மூன்றையும் கூட்டி வைத்துக்கொள்ளலாம். 25-ம் 8-ம் என்றால் 33 + ஏற்றம். ஆஃப்செட் ஃபாலோயருக்கு இந்தக் கூட்டல் செல்லாது. அங்கே ஆஃப்செட் வட்டத்துக்குத் தொடுகோடு போட்டு, அந்தக் கோடு ப்ரைம் வட்டத்தை வெட்டும் இடத்திலிருந்து அதன் மேலேயே ஏற்றத்தை அளக்க வேண்டும்.

கடைசியாக அதிகபட்ச வேகம். சிம்பிள் ஹார்மோனிக்குக்கு v = πωh/(2β). ω கேமின் கோண வேகம், h லிஃப்ட், β ஏற்றம் நடக்கும் கேம் கோணம். கேம் 240 ஆர்.பி.எம். என்றால் ω = 25.13, β-வை ரேடியனில் 2.094 என்று போட்டால் விநாடிக்கு 0.57 மீட்டர் வரும். 120 என்றே போட்டால் 0.01 மீட்டருக்கும் கீழே வரும். எது சரி என்று சந்தேகம் வந்தால் சராசரியைப் பாருங்கள். 240 ஆர்.பி.எம்.மில் 120° சுற்ற 1/12 விநாடி ஆகும், அதற்குள் 30 மில்லிமீட்டர் ஏறுகிறது, சராசரி 0.36 மீட்டர். சிம்பிள் ஹார்மோனிக்கில் அதிகபட்சம் சராசரியைப் போல 1.57 மடங்கு, சைக்ளாய்டலிலும் சீரான முடுக்கத்திலும் 2 மடங்கு. சராசரிக்குக் கீழே ஒரு 'அதிகபட்சம்' வந்தால் ரேடியனுக்கு மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.